மீண்டு வந்த வளையல்கள்

கீழ்க்காணும் சிறுகதையை வாசித்திடுக.

1990களில் லுக்குட் வட்டாரத் தோட்டமொன்றில், அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினர். அத்துடன் அப்பா வாடகை நிலத்தில் மிளகாய் பயிரிட்டார். நவம்பர் மாதம் இரண்டு வாரம் விடாமல் மழை பெய்தது. பாத்திகளில் தண்ணீர் தேங்கியது. இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடிகள் வாடின. அப்பா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார், வேர் அழுகியிருந்தது.

உரக்கடைக்குக் கடன் கட்ட வேண்டும். பாட்டி தந்த இரண்டு வளையல்களை அம்மா கழற்றினார். போர்ட்டிக்சன் அடகுக்கடைக்காரர் அவற்றை உரைகல்லில் உரசிப் பார்த்து, எடைபோட்டு, 600 ரிங்கிட் கொடுத்தார். மாத வட்டி நூற்றுக்கு 2. அதாவது 12 ரிங்கிட். ஆறு மாதத்திற்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்திற்குப் போய்விடும் என்றார்.

பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்தன. பால் குறைந்தது, சம்பளமும் குறைந்தது. தவணை முடியும் வேளையில் கையில் 372 ரிங்கிட்தான் இருந்தது.

“வட்டி 72 ரிங்கிட்டை மட்டும் கட்டிச் சீட்டை மாற்றிக்கொள்வோம். மீதிப் பணம் செலவுக்கு ஆகும்,” என்றார் அப்பா.

“வேண்டாங்க. பக்கத்து லயத்து அக்கா அப்படித்தான் மூன்று தடவை வட்டி மட்டும் கட்டினார். 216 ரிங்கிட் போயும் 600 ரிங்கிட் கடன் அப்படியே நின்றது. நான்காம் தடவை வட்டிக்கும் பணமில்லை, நகை மூழ்கிவிட்டது,” என்றார் அம்மா.

மறுநாள் வட்டியோடு முதலிலும் 300 ரிங்கிட் கட்டினார்கள். கடைக்காரர் ஒரு வளையலைத் திருப்பித் தந்து, மற்றொன்றுக்கு 300 ரிங்கிட்டுக்குப் புதுச்சீட்டு எழுதினார். இனி மாத வட்டி 6 ரிங்கிட்தான்.

அப்பா பாத்திகளை முழங்கால் உயரத்திற்கு மேடாக்கி, இடையே வடிகால் வெட்டி, மீண்டும் மிளகாய் நட்டார். மூன்று மாதத்தில் காய் பறித்தோம். அம்மா சந்தையில் விற்ற பணத்தைப் பால்மாவு டின்னில் சேர்த்தார். அதிலிருந்து என் காலணிக்குக்கூட எடுக்கவில்லை; கிழிந்த காலணியோடுதான் பள்ளிக்குப் போனேன்.

ஐந்தாம் மாதம் 330 ரிங்கிட் கட்டி இரண்டாவது வளையலையும் மீட்டோம். அம்மா அதை அணியவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பிறகு, “அடுத்த மழைக்குள் வடிகாலை ஆழப்படுத்துங்க,” என்றார். அப்பா மண்வெட்டியை எடுத்தார்.

அருஞ்சொற்பொருள்
முதல் – கடனாகப் பெற்ற தொகை
மூழ்குதல் – தவணை தவறி அடகுப் பொருளை இழத்தல்
லயம் – தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு

வினாக்கள்
1. மிளகாய்ச் செடிகள் வாடியதன் காரணம் யாது?
2. அப்பாவின் யோசனையை அம்மா மறுத்தது ஏன்?
3. முதலில் 300 ரிங்கிட் கட்டியதால் விளைந்த இரு நன்மைகளை எழுதுக.