பெயர் கேட்காவிட்டால் மட்டும் போதுமா?

ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவோரின் கேள்விகளும் பதில்களும்

சர்வேயை முடித்துவிட்டேன். கட்டுரையை அனுப்பிய ஆய்விதழ் நெறிமுறைக் குழுவின் அனுமதி எண்ணைக் கேட்கிறது. இப்போது விண்ணப்பித்து வாங்கிவிடலாமா?
– ஆய்வு மாணவர், சேலம்

முடியாது. ஆய்வு நடந்து முடிந்த பிறகு முன்தேதியிட்டுத் தரும் அனுமதி, அனுமதியே அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதிக் குழுவிடம் கொடுங்கள். கையில் இருக்கும் தரவை என்ன செய்வது என்று அவர்கள் சொல்லட்டும்.

நாங்கள் ரத்தம் எடுக்கவில்லை, மருந்து கொடுக்கவில்லை. கேள்வித்தாள் மட்டும்தான். இதற்கு விலக்கு உண்டு என்கிறார் என் வழிகாட்டி. விண்ணப்பிக்காமல் தொடங்கலாமா?
– சமூகப்பணி மாணவி, திருச்சி

விலக்கு என்று ஒன்று இருப்பது உண்மை. அதை முடிவு செய்வது நீங்களும் அல்ல, உங்கள் வழிகாட்டியும் அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் மூன்று வழிகளைச் சொல்கிறது: பரிசீலனையிலிருந்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் குழுப் பரிசீலனை. எந்த வழி என்பது உங்கள் விண்ணப்பத்தைப் படித்த பிறகு குழுவின் பக்கத்தில் முடிவாகும். ஆக, விலக்கு வேண்டும் என்றாலும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஊசி குத்தினால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். சுகாதார நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றிப் பெயர் இல்லாமல் கேட்டால் விலக்கு கிடைக்கலாம். கணவர் அடிப்பதுண்டா என்று ஒரு பெண்ணிடம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால், உள்ளே இருக்கும் மாமியார் காதில் அது விழுந்தாலே அன்று இரவு அவளுக்கு ஆபத்து. எங்கே, யார் இல்லாதபோது, எந்த நேரத்தில் கேட்பீர்கள் என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

எங்கள் கல்லூரியின் 240 செவிலியர் மாணவர்களிடம் பி.எச்.கியூ-9 கேள்வித்தாளால் மனச்சோர்வை அளக்கப் போகிறேன். பெயரோ பதிவு எண்ணோ கேட்கவில்லை. "தகவல்கள் ரகசியமாக வைக்கப்படும்" என்றும் எழுதியிருந்தேன். அப்படியும் குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது. என்ன தவறு?
– முதுகலை செவிலியர் மாணவி, தஞ்சாவூர்

கேள்வித்தாளையும் இணைத்து அனுப்பியதற்கு நன்றி. அதன் முதல் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. ஆண்டு, வயது, பாலினம், சொந்த மாவட்டம், விடுதியா வீடா, மதம், சமூகப் பிரிவு, தந்தையின் தொழில் என்று எட்டு விவரங்கள் கேட்கிறீர்கள். ஆண்டுக்கு 60 பேர் என்கிறீர்கள். இரண்டாம் ஆண்டில் 7 மாணவர்கள் ஆண்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் விடுதியில் இருப்பவர்கள் 3 பேர். அந்த மூவரில் நீலகிரியிலிருந்து வந்தவர் ஒருவர். மூன்றே கேள்விகளில் அறுபது பேர் ஒருவராகிவிட்டார்கள். அந்த வரிசையைத் திறந்து பார்க்கப் போகிறவர் யார்? நீங்களும் உங்கள் வழிகாட்டியும். வழிகாட்டி அந்த மாணவனுக்கு உள்மதிப்பெண் போடுகிறவர். பெயர் கேட்காததால் அவனுக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது?

இது கற்பனைப் பயம் அல்ல. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவத் தரவு, பெயர்களை நீக்கிய பிறகு ஆய்வாளர்களுக்குத் தரப்பட்டது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை மட்டும் வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாநில ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவைக் கண்டுபிடித்தார். அங்கே ஒரு மாநிலம். உங்களுடையது எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு கல்லூரி.

திருத்துவது கடினம் அல்ல. ஆய்வின் முடிவில் என்னென்ன அட்டவணைகள் போடப் போகிறீர்கள் என்பதை முதலில் வெற்றுத் தாளில் வரையுங்கள். எந்த அட்டவணையிலும் வராத கேள்வியை அடித்துவிடுங்கள். மாவட்டமும் மதமும் தந்தையின் தொழிலும் உங்கள் ஆய்வு நோக்கத்தில் எங்குமே இல்லை. மற்ற ஆய்வேடுகளில் இருந்ததால் உங்கள் தாளிலும் ஏறியிருக்கின்றன. வயதைப் பிரிவுகளாக்குங்கள். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவாக வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்ப்பேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். "ரகசியமாக வைக்கப்படும்" என்ற வரியை எடுத்துவிட்டு, தாள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது, எந்தக் கணினியில் ஏறுகிறது, கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, என்று அழிக்கப்படும் என்று வரிசையாக எழுதுங்கள். குழு தேடுவது அந்த வழித்தடத்தை.

அடுத்தது இதைவிடப் பெரியது. பி.எச்.கியூ-9இன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் இறந்துவிட்டால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. 240 பேரில் ஒருவர் "ஏறக்குறைய எல்லா நாட்களும்" என்று குறித்துவிட்டுத் தாளை மடித்துப் பெட்டியில் போடுகிறார். பத்து நாள் கழித்துத் தரவு ஏற்றும்போது அதைப் பார்க்கிறீர்கள். என்ன செய்வீர்கள்? உங்கள் விண்ணப்பம் இதற்குப் பதில் சொல்லவில்லை. அது திரும்பி வந்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மூன்று வழிகள் உண்டு. முதல் வழியில் அடையாளம் இல்லாமலே நடத்துகிறீர்கள். அப்படியானால் குறிப்பிட்ட ஒருவரைத் தேடிப் போக முடியாது என்று தகவல் தாளில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். டெலி-மானஸ் 14416 எண்ணும் கல்லூரிக்கு வெளியே உள்ள ஒரு மனநல ஆலோசகரின் விவரமும் கொண்ட துண்டுத் தாளை, என்ன பதில் குறித்தார் என்று பார்க்காமல், எல்லோர் கையிலும் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழியில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு குறியீடு தருகிறீர்கள். ஒன்பதாவது கேள்வியை அன்றன்றைக்கே பார்ப்பவர் யார், அந்த மாணவரைச் சந்திக்கப் போகும் மனநல மருத்துவர் யார் என்று பெயரோடு எழுத வேண்டும். "உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உங்களைத் தொடர்புகொள்வோம்" என்பதைப் பங்கேற்பவர் ஒப்புதல் தரும் முன்பே அறிந்திருக்க வேண்டும். மூன்றாவது வழி, அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.கியூ-8. மனச்சோர்வு எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணுவதுதான் நோக்கம் என்றால் எட்டு கேள்விகளே போதும். 10 மதிப்பெண் என்ற வெட்டுப்புள்ளி அதற்கும் பொருந்தும்.

ஒருவரின் வலியைக் கேட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லும் ஏற்பாடு இல்லாமல் நகர்ந்துபோக ஆய்வாளருக்கு உரிமை இல்லை. உங்களால் எந்த வழியை நிறைவேற்ற முடியுமோ அதைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுமே சரியான வழிகள்தான். பயப்படாமல் திருத்தி அனுப்புங்கள். நல்ல ஆய்வு இது.

பயிற்சிக்கு முன்பும் மூன்று மாதம் கழித்தும் அதே நபர்களிடம் கேட்க வேண்டும். பெயர் இல்லாமல் எப்படி இணைப்பது?
– விரிவுரையாளர், கோயம்புத்தூர்

பங்கேற்பவரே தன் குறியீட்டை உருவாக்கிக்கொள்ளலாம்: தாயின் பெயரின் முதல் எழுத்து, தான் பிறந்த தேதியின் நாள், கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். அதே மூன்றை மூன்று மாதம் கழித்தும் எழுதுவார். சிலர் மாற்றி எழுதிவிடுவார்கள், அவர்களின் தாள்கள் இணையாது. அதற்கேற்ப ஆள் எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அது போதாது என்றால் இரண்டு கோப்புகள் வையுங்கள். ஒன்றில் குறியீடும் பதில்களும். மற்றொன்றில் குறியீடும் பெயரும் மட்டும். இரண்டாவதை ஒரே கணினியிலோ ஒரே பென்டிரைவிலோ முதலாவதோடு வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதி, மாணவர்களுக்கு மதிப்பெண் போடாத ஒருவரின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். இரண்டாம் சுற்றுத் தாள்கள் இணைந்த அன்றே அதைக் கிழித்து அழியுங்கள். விலக விரும்புகிறவர் அந்த நாள் வரைதான் தன் பதில்களை நீக்கச் சொல்ல முடியும், அதன் பிறகு எது அவருடையது என்று உங்களுக்கே தெரியாது. இதைத் தகவல் தாளில் எழுதுங்கள். "எப்போது வேண்டுமானாலும் விலகலாம்" என்று அச்சிட்டுவிட்டு, விலக வந்தவரைத் திருப்பி அனுப்புவது பொய் சொன்னதாகும்.

சுய உதவிக் குழுப் பெண்களிடம் ஆய்வு. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குழுத் தலைவி எல்லோர் சார்பிலும் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஏற்கலாமா?
– ஆய்வு மாணவர், புதுக்கோட்டை

கூடாது. தலைவி தருவது நீங்கள் கூட்டத்துக்குள் வர அனுமதி. பதில் சொல்லச் சம்மதிக்க வேண்டியவர் ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாக. அந்தத் தலைவி கடன் பட்டியலில் பெயர் சேர்ப்பவர் என்றால், அவர் பக்கத்தில் நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஒப்புதல் வாங்கும்போதும் கேள்வி கேட்கும்போதும் அவர் அங்கே இருக்கக் கூடாது.

படிக்கத் தெரியாதவருக்குத் தகவல் தாளை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் ஆய்வுக் குழுவைச் சேராத, படிக்கத் தெரிந்த ஒருவர் சாட்சியாக உடனிருந்து, பங்கேற்பவர் கைநாட்டு வைத்த பிறகு கையெழுத்திட வேண்டும். கைநாட்டே வேண்டாம் என்று அஞ்சும் இடங்களில் வாய்மொழி ஒப்புதலுக்கு முன்கூட்டியே குழுவிடம் காரணத்தோடு அனுமதி கேட்கலாம்.

உங்கள் தகவல் தாளையும் மாற்ற வேண்டும். "பங்கேற்பின்மையால் பாதகமான விளைவுகள் யாதும் எழா" என்று எழுதியிருக்கிறீர்கள். "நீங்க பதில் சொல்லலைன்னாலும் உங்க கடனோ ரேஷனோ நிக்காது" என்று எழுதுங்கள். வாசித்து முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு நீங்க சொல்லுங்கக்கா" என்று கேளுங்கள். லோன் தர வந்திருக்கிறீர்கள் என்று அவர் சொன்னால் இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் கேள்வித்தாள். தலைமையாசிரியர் கையெழுத்துப் போதும்தானே?
– பி.எட். மாணவி, விருதுநகர்

போதாது. பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், மாணவரின் எழுத்துப்பூர்வமான இசைவும் வேண்டும். பெற்றோர் சம்மதித்து மாணவர் மறுத்தால், மறுப்புதான் செல்லும்.

நான் பாடம் நடத்தும் வகுப்பிலேயே தாள்களைக் கொடுத்து, நிரப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளலாமா?
– உதவிப் பேராசிரியர், வேலூர்

நீங்கள் கொடுக்கக் கூடாது, நீங்கள் வாங்கக் கூடாது, அந்த நேரத்தில் அறையில் இருக்கவும் கூடாது. வேறு துறையைச் சேர்ந்த ஒருவரை அனுப்புங்கள். நிரப்பியவரும் நிரப்பாதவரும் ஒரே மாதிரி உறையில் போட்டு ஒட்டி, ஒரே பெட்டியில் இடட்டும். அந்த உறைகளைத் தேர்வு முடிவுகள் வெளியான பிறகு திறப்பேன் என்று விண்ணப்பத்தில் எழுதி, அதன்படியே திறங்கள்.