பழைய பத்திரத்தில் உள்ள திசையையும் தூரத்தையும் வைத்து நிலத்தை வரைய

நம்மூர்ப் பத்திரத்தில் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவார்கள்: கிழக்கில் இன்னார் நிலம், தெற்கில் வாய்க்கால் என்று. அமெரிக்காவில் வர்ஜீனியா, வட கரோலினா, கென்டக்கி, டென்னசி போன்ற பழைய மாநிலங்களில் வழக்கம் வேறு. ஒரு கல்லிலோ மரத்திலோ தொடங்கி, ‘இந்தத் திசையில் இத்தனை தூரம்’ என்று ஒவ்வொரு பக்கமாகச் சொல்லிக்கொண்டே போய்த் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வருவார்கள். அங்கே கிராமப்புறத்தில் வீட்டோடு சில ஏக்கர் வாங்கும் தமிழ்க் குடும்பங்களின் கைக்கு இப்படிப்பட்ட பத்திரம்தான் வருகிறது. அதை ஒரு மாலைப்பொழுதில் மேசையில் உட்கார்ந்தே வரைந்துவிடலாம். அதற்கான குறிப்புகள் இவை.

1. முதலில் வரிகளைப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எல்லாம் ஒரே நீண்ட வாக்கியமாக இருக்கும். ‘அங்கிருந்து’ என்ற சொல் வரும் இடமெல்லாம் ஒரு புதிய பக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் மாதிரிப் பத்திரம் இப்படிப் பிரியும்:

சாலையோரக் கல்லில் தொடங்கி, வடக்கு 37 கிழக்கு, 40 போல், ஒரு வெள்ளை ஓக் மரம் வரை.
அங்கிருந்து தெற்கு 53 கிழக்கு, 30 போல், ஓடைக்கரைக் கல் வரை.
அங்கிருந்து தெற்கு 37 மேற்கு, 20 போல், சாலையோரம் நட்ட இரும்புக் கம்பி வரை.
அங்கிருந்து சாலையை ஒட்டி வடக்கு 87 மேற்கு, 36 போல், தொடங்கிய கல் வரை. பரப்பு 5 ஏக்கரும் எட்டில் ஐந்து பங்கும், கூடவோ குறையவோ.

மரம், கல், கம்பி எதையும் விட்டுவிடாமல் அந்தந்த வரியோடு எழுதுங்கள். கடைசியில் அவைதான் கைகொடுக்கும்.

2. அளவின் பெயரைச் சரியாகப் பிடியுங்கள். ஒரு போல் என்பது பதினாறரை அடி. அதையே சில பத்திரங்கள் ராடு என்றும் பெர்ச் என்றும் எழுதும், மூன்றும் ஒன்றுதான். நான்கு போல் சேர்ந்தது ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. அந்தச் சங்கிலியில் 100 லிங்க். நம்மூர்ப் பழைய நில அளவைப் புத்தகங்களில் லிங்க் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது அதே சங்கிலிதான். இலங்கையில் காணியைப் பேர்ச் கணக்கில் பேசுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு போல் நீளமும் ஒரு போல் அகலமும் கொண்ட சதுரம் ஒரு பேர்ச், 160 பேர்ச் ஒரு ஏக்கர். வரைந்து முடிக்கும்வரை போலிலேயே கணக்குப் போடுங்கள். அடிக்கு மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் தவறு குறையும்.

3. கோணத்தை எப்போதும் வடக்கு–தெற்குக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். ‘தெற்கு 53 கிழக்கு’ என்றால் தெற்கைப் பார்த்து நின்று, கிழக்குப் பக்கமாக 53 பாகை திரும்ப வேண்டும். அதனால் பத்திரத்துக் கோணம் 90 பாகையைத் தாண்டாது; தாண்டியிருந்தால் படித்ததிலோ எழுதியதிலோ பிழை. புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். முதல் பக்கத்தை வரைந்ததும் பாகைமானியை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து அடுத்த கோணத்தை அளந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. ஒவ்வொரு மூலையிலும் வரைபடத்தாளின் நெட்டுக்கோட்டையே வடக்காகக் கொண்டு புதிதாக அளக்க வேண்டும்.

ஐந்து போலுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் நம் நிலத்தின் பக்கங்கள் 8, 6, 4, 7.2 சென்டிமீட்டர். கூர்மையான பென்சிலால் வரைந்தால் கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முட்டும்.

4. முட்டியது போதாது, கணக்கிலும் பாருங்கள். தாளில் அரை மில்லிமீட்டர் பிசகு கண்ணுக்குத் தெரியாது. நம் அளவில் அது நிலத்தில் நான்கடி. அதனால் ஒவ்வொரு பக்கமும் நம்மை எவ்வளவு வடக்கே கொண்டுபோகிறது, எவ்வளவு கிழக்கே கொண்டுபோகிறது என்று தனித்தனியாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். தூரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வடக்கு–தெற்கு நகர்வு. சைனால் பெருக்கினால் கிழக்கு–மேற்கு நகர்வு. கணினி விரிதாளில் முதல் நெடுவரிசையில் N அல்லது S, அடுத்ததில் கோணம், மூன்றாவதில் E அல்லது W, நான்காவதில் தூரம் என்று இட்டு இரண்டு சூத்திரங்கள் எழுதினால் போதும்:

```
=IF(A2="S",-1,1)*D2*COS(RADIANS(B2))
=IF(C2="W",-1,1)*D2*SIN(RADIANS(B2))
```

நம் நான்கு பக்கங்களுக்கும் வருவது இது. முதல் பக்கம் வடக்கே 31.95, கிழக்கே 24.07. இரண்டாவது தெற்கே 18.05, கிழக்கே 23.96. மூன்றாவது தெற்கே 15.97, மேற்கே 12.04. நான்காவது வடக்கே 1.88, மேற்கே 35.95. வடக்கே போனதும் தெற்கே போனதும் சரிக்குச் சரியாகக் கழிய வேண்டும். இங்கே தெற்கில் 0.19 போல் மிச்சம், கிழக்கில் 0.04 மிச்சம். ஆக, சுற்றி வந்த கோடு தொடங்கிய கல்லைவிட்டு மூன்றடிக்குச் சற்று அதிகமாக விலகி முடிகிறது. மொத்தச் சுற்றளவு 126 போல். அதில் இது ஏறத்தாழ 600இல் ஒரு பங்கு. திசைகாட்டியும் சங்கிலியும் வைத்துக் காட்டுக்குள் அளந்து, கோணத்தை முழுப் பாகையில் எழுதிய பத்திரத்துக்கு இது நல்ல கணக்கு. இப்படிப்பட்ட பிசகைக் கண்டு பயப்பட வேண்டாம். படம் மூடித் தெரிய வேண்டுமென்றால் பிசகைப் பக்கங்களின் நீளத்துக்கு ஏற்றபடி பங்கிட்டுக் கழித்துக்கொள்ளலாம். முதல் பக்கத்துக்கு 0.06 போல் வடக்கே கூடும், அவ்வளவுதான். ஆனால் திருத்திய எண்ணைப் பத்திரத்து எண்ணாக யாரிடமும் காட்டக்கூடாது.

5. பெரிதாகப் பிசகினால் அந்தப் பிசகே காரணத்தைச் சொல்லும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய பத்திரங்களைக் கையால் நகலெடுத்தவர்கள் நூறு வரிக்கு நடுவில் ஒரு ‘மேற்கை’க் ‘கிழக்கு’ என்று எழுதிவிடுவது சாதாரணம். நம் மூன்றாவது வரியை ‘தெற்கு 37 கிழக்கு’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகும்? வடக்கு–தெற்குக் கூட்டல் முன்போலவே சரியாக இருக்கும். கிழக்கில் மட்டும் 24.12 போல் மிச்சம் நிற்கும். ஒரு கூட்டல் சரியாக இருந்து மற்றது மட்டும் கெட்டால், திசையெழுத்து மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மிச்சத்தைப் பாதியாக்கினால் 12.06. எந்த வரியின் கிழக்கு–மேற்கு நகர்வு இதற்கு ஒத்துப்போகிறது என்று பார்த்தால், 12.04 உள்ள மூன்றாவது வரி தானாக முன்வந்து நிற்கும்.

நீளத்தில் பிழை இருந்தால் அடையாளம் வேறு. 40ஐப் 10 என்று படித்துவிட்டால் இடைவெளி முதல் பக்கத்துக்கு இணையாக, ஏறத்தாழ 30 போல் நீளத்தில் விழும். ஆக, திறந்து நிற்கும் இடைவெளியை ஒரு கோடாக வரைந்து, அது எந்தப் பக்கத்துக்கு இணையாகப் போகிறது என்று பாருங்கள். எதற்கும் இணையாக இல்லையென்றால் ஒரு வரியே விட்டுப்போயிருக்கலாம். அப்போது அந்த இடைவெளிதான் தொலைந்த பக்கம்.

இதெல்லாம் ஊகம் மட்டுமே. கவுண்டிப் பதிவேட்டில் இதற்கு முந்தைய பத்திரத்தையும், அதற்கும் முந்தையதையும் எடுத்து, அந்த வரி அங்கே எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே திருத்துங்கள். பக்கத்து நிலத்தின் பத்திரமும் உதவும்; பொது எல்லை அதில் நேரெதிர்த் திசையில் எழுதப்பட்டிருக்கும்.

6. பரப்பைச் சரிபாருங்கள். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு படம் மூடிவிடுவதும் உண்டு. நம் நிலத்தில் முதல் பக்கமும் மூன்றாவது பக்கமும் இணை. இரண்டாவது இரண்டுக்கும் செங்குத்து. எனவே சரிவகக் கணக்குப் போதும்: 40ஐயும் 20ஐயும் கூட்டிப் பாதியாக்கி 30ஆல் பெருக்க 900 சதுரப் போல். 160ஆல் வகுத்தால் 5.625 ஏக்கர். பத்திரம் சொன்ன எட்டில் ஐந்து பங்கு அப்படியே வந்துவிட்டது. கோணல்மாணலான நிலமானால் முக்கோணங்களாக வெட்டிக் கூட்டுங்கள்.

7. இன்றைய வரைபடத்தின் மேல் வைக்குமுன் திருப்புங்கள். பழைய பத்திரத்துக் கோணங்கள் பெரும்பாலும் காந்த ஊசி காட்டிய வடக்கிலிருந்து எடுத்தவை. அந்த வடக்கு உண்மை வடக்கு அல்ல. ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டும் இருக்கிறது. அமெரிக்க அரசின் நோவா நிறுவனம் பழைய ஆண்டுகளுக்கான காந்த விலக்கத்தை இணையத்தில் கணக்கிட்டுத் தருகிறது. பத்திரம் எழுதிய ஆண்டைப் போடாதீர்கள், அளந்த ஆண்டைப் போடுங்கள். 1900இல் எழுதிய பத்திரம் 1820இல் அளந்த எண்களையே நகலெடுத்திருக்கக்கூடும்.

அந்த ஆண்டில் விலக்கம் மேற்கே மூன்றரைப் பாகை என்று வந்தால், முழுப் படத்தையும் இடஞ்சுழியாக மூன்றரைப் பாகை திருப்ப வேண்டும். உருவமும் பரப்பும் மாறாது. ஆனால் எல்லாக் கோணத்திலிருந்தும் மூன்றரையைக் கழித்துவிடாதீர்கள். வடக்கு 37 கிழக்கு என்பது வடக்கு முப்பத்துமூன்றரை கிழக்காகக் குறையும். தெற்கு 53 கிழக்கோ ஐம்பத்தாறரையாகக் கூடும். சாலையோரப் பக்கம் இன்னும் விநோதம்: வடக்கு 87 மேற்காக இருந்தது மேற்கைத் தாண்டித் தெற்கு எண்பத்தொன்பதரை மேற்காகிவிடும். குழப்பமாக இருந்தால் படத்தைக் கண்ணாடித்தாளில் வரைந்து கையால் திருப்புங்கள்.

8. நிலத்தில் இறங்கினால் எண்ணைவிடக் கல்லை நம்புங்கள். அமெரிக்க நீதிமன்றங்களின் பொதுவான வழக்கத்தில் முதலில் நிற்பவை ஓடை, மரம் போன்ற இயற்கை அடையாளங்கள். அடுத்து நட்ட கல், கம்பி. பிறகு பக்கத்து நிலத்தின் எல்லை. அதற்குப் பிறகுதான் திசையும் தூரமும். பரப்பு கடைசி. ஓடைக்கரைக் கல் 30 போலுக்குப் பதில் 31 போலில் கிடைத்தால் பெரும்பாலும் எல்லை கல்லிடம்தான் இருக்கும். ஓக் மரம் எப்போதோ விழுந்திருக்கும். அந்த இடத்தில் பழைய வேலிக் கம்பி மரப்பட்டைக்குள் புதைந்து கிடக்கிறதா, இரண்டு பக்கத்துக் காடும் வேறு வேறு வயதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எதைக் கண்டாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடுங்கவோ புதிதாக நடவோ வேண்டாம். உரிமம் பெற்ற நில அளவையர் வரும்போது பிரித்தெழுதிய வரிகளையும், மிச்சக் கணக்கையும், முந்தைய பத்திரங்களின் நகலையும் கையில் கொடுத்தால், அவர் தேட வேண்டிய மூலை எது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.