பின்கட்டு வரை துரத்துவது யார்?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 52. காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். மூன்று மாதமாக ஒரே கனவு. எங்கள் பூர்வீக வீட்டில் முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு என்று ஓடுகிறேன். பின்னால் யாரோ வருகிறார்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை, ஆனால் வருவது தெரிகிறது. கால் நகர மாட்டேன் என்கிறது. அடுத்த தெருப் பக்கம் இருக்கும் கதவைத் தொடும்போது விழித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் விடியற்காலை நாலு மணி. முனி அடித்திருக்கும், கயிறு கட்டிக்கொள் என்கிறார் மனைவி. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை மாற்றியதும் அந்தச் சமயத்தில்தான். பங்காளிகள் வீட்டை விற்கலாம் என்கிறார்கள், அதையும் நான் பார்த்தாக வேண்டும். இது ஏதாவது கெடுதலுக்கு அறிகுறியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காரைக்குடி

பதில்: கெடுதல் வரப்போவதற்கு இது அறிகுறி இல்லை. துரத்தப்படும் கனவு உலகம் முழுக்க மிகப் பரவலானது. 1958-இல் ஜப்பானிய, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோதே இரண்டு நாட்டிலும் அது முன்வரிசையில் இருந்தது. கயிறு கட்டிக்கொண்டால் நிம்மதி வருமென்றால் கட்டிக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

நாலு மணிக்குக் காரணம் உண்டு. தெளிவான கனவுகள் பெரும்பாலும் விழிகள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில் வருகின்றன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டம் வரும், விடியல் நெருங்க நெருங்க நீளும். அப்போது மூளையில் பயத்தைக் கையாளும் பகுதி சுறுசுறுப்பாக இருக்கும்; நிதானித்து யோசிக்கும் முன்பகுதி அடங்கியிருக்கும். கை கால் தசைகளும் தளர்ந்து கிடக்கும். கனவில் கால் நகராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

ஆள் ஏன் தெரிவதில்லை? கனவில் உணர்ச்சி முதலில் வந்து, அதற்கேற்ற காட்சியை மூளை பிறகு தேடிக்கொள்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. பயம் இருக்கிறது, அதற்கு இன்னும் முகம் அமையவில்லை. அதனால் துரத்துபவர் இன்னார் என்று கனவுப் பலன் புத்தகம் சொல்வதை நம்பாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று மாத்திரை. ப்ரோப்ரனலால், மெட்டோப்ரோலால் போன்ற வகை சிலருக்குக் கெட்ட கனவுகளைத் தரும். மாத்திரை தொடங்கிய தேதிக்கு முன்பே கனவு வந்ததா, பிறகா என்று பாருங்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சீட்டோடு போய்க் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வகையைத் திடீரென்று விடுவது இதயத்துக்கு ஆபத்து.

இன்னொன்று, வீட்டு விஷயத்தை நீங்கள் கடைசியில், போகிற போக்கில் சொன்ன விதம். பங்காளிகள் பேசும்போதெல்லாம் 'பார்க்கலாம்' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறீர்களோ என்று நினைக்கிறேன். என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. தலைமாட்டில் ஒரு நோட்டு வையுங்கள். விழித்ததும் கனவை இரண்டு வரி எழுதுங்கள். அதன் கீழே, முந்தின நாள் யாருடைய போனை எடுக்காமல் விட்டீர்கள், எந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டீர்கள் என்று எழுதுங்கள். கனவு வராத நாளுக்கும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. மூன்று வாரத்தில் பங்காளி பேச்சு வந்த நாட்களை ஒட்டியே கனவு வருகிறதென்றால், துரத்துவது எதுவென்று பாதி தெரிந்துவிடும். தொடர்பே இல்லையென்றால் வீட்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம்.

கனவின் வேகத்தைக் குறைக்க, கனவை மாற்றி எழுதும் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் பாரி க்ராக்கோவ் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இது பரவலானது. பகலில், படுக்கையில் அல்லாமல் உட்கார்ந்து, உங்கள் கனவை வேறு மாதிரி எழுதுங்கள். முடிவு உங்கள் விருப்பம். வளவில் நின்று திரும்பி, 'யாரப்பா அது, என்ன வேணும்?' என்று கேட்பதாக இருக்கலாம். கொல்லைக் கதவு சும்மா சாத்தியிருக்க, நீங்கள் தெருவில் இறங்கி நடப்பதாகவும் இருக்கலாம். மாற்றிய கதையை மட்டும் தினமும் பத்து, பதினைந்து நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பாருங்கள். பழைய கனவை அசைபோட வேண்டாம். பலருக்குச் சில வாரங்களில் கனவு வருவது குறைகிறது. விபத்து, அடிதடி போன்ற உண்மைச் சம்பவம் கனவில் திரும்ப வருபவர்கள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது, மனநல மருத்துவர் துணை வேண்டும்.

கடைசியாக, உங்கள் மனைவியிடம் ஒன்று கேளுங்கள். தூக்கத்தில் நீங்கள் கத்துகிறீர்களா, நிஜமாகவே கை கால் உதைக்கிறீர்களா? ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு அப்படி நடந்தால், தசை தளரும் அந்த ஏற்பாடு கெட்டிருக்கலாம். சிலருக்கு அது பார்க்கின்சன் போன்ற நோய்களின் முன்னறிகுறி. பதில் 'ஆமாம்' என்றால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.