பவுச் கசிந்தால் சப்ளையருக்கு எழுதுவது எப்படி?

தங்கச்சி, சாரல் சீசனில் இலத்தூரில் இருந்து குற்றாலத்துக் கடைகளுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் போடுகிறாய். ரெண்டே நாளில் சிப்ஸ் நமத்துப் போகிறதென்று கடைக்காரர் திருப்பித் தந்தால், சப்ளையரிடம் போனில் சத்தம் போடாதே. தப்பு யார் பக்கம் என்று முதலில் பார்.

வாளித் தண்ணீர் சோதனை: காலி பவுச்சில் காற்றடைத்து, வாயை உன் மெஷினில் ஒட்டி, தண்ணீருக்குள் அமுக்கு. வாய்ப்பக்கம் குமிழி வந்தால் உன் மெஷினின் சூடு சரியில்லை. பக்கவாட்டிலோ அடியிலோ வந்தால் அது அவர்கள் ஒட்டிய சீல், குறை அவர்களுடையது. கட்டுக்கு ஐந்து பவுச் எடுத்து இப்படிப் பார். குமிழி வரும் இடத்தைப் போட்டோ எடு.

ஒதுக்கி வை: கசியும் கட்டுகளைத் தொடாதே, லேபிளையும் கிழிக்காதே. குறை தெரிந்த பிறகும் அதில் அடைத்து விற்றால், சரக்கை ஏற்றுக்கொண்டாய் என்றே ஆகிவிடும்.

15 நாளுக்குள் எழுது: சப்ளையர் பதிவு செய்த குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி உன் பணம் கட்டும் கெடு சரக்கு வந்த நாளிலிருந்தே ஓடும். வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தால், அவர் குறையைத் தீர்த்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். போனில் சொன்னது இதற்குக் கணக்கில்லை.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

"ஐயா, தங்கள் பில் எண் ___, தேதி ___ படி 5,000 பவுச் (100 வீதம் 50 கட்டு) ___ அன்று வந்து சேர்ந்தது. இதில் 8 கட்டுகளில், அதாவது 800 பவுச்சில், பக்கவாட்டு சீல் கசிகிறது. பேட்ச் எண் ___. போட்டோ இணைத்துள்ளேன், சரக்கைத் தனியே வைத்துள்ளேன், தாங்கள் வந்து பார்க்கலாம். ___ தேதிக்குள் வேறு பேட்ச்சில் 800 பவுச் அனுப்புங்கள். இயலாவிட்டால் ரூ.2,832க்கு கிரெடிட் நோட்டு தாருங்கள். திருப்பி அனுப்பும் லாரி வாடகை தங்களுடையது."

தொகை எப்படி வந்தது? பவுச் 3 ரூபாய் என்றால் 800க்கு 2,400. ஜிஎஸ்டி 18 சதவீதம் 432. அந்த வரியை நீ கழிக்காத நிலையில், அதை விட்டுவிட்டுக் கேட்டால் அந்த 432 உன் கையை விட்டுப் போகும். கிரெடிட் நோட்டில் பழைய பில் எண் இருக்கிறதா என்று பார். அந்த வரியை நீ ஏற்கெனவே கழித்திருந்தால் அதைத் திருப்பிக் காட்டச் சொல்லி ஆடிட்டரிடம் கொடு.

எதைக் கேட்பது? சீசன் நடுவில் என்றால் மாற்றுச் சரக்கைக் கேள். பவுச் இல்லாமல் வறுத்ததை எங்கே அடைப்பாய்? சீசன் முடிகிற நேரமென்றால் கிரெடிட் நோட்டே நல்லது. பில் பாக்கி இருந்தால் நீயாகப் பணத்தைக் குறைக்காதே. நோட்டு வந்ததும் கழித்துக் கட்டு.

வாட்ஸ்அப்பில் அனுப்பு, ஸ்பீட் போஸ்ட்டிலும் போடு. ரசீதைக் கடித நகலோடு பின் பண்ணி அந்த பில்லிலேயே வை.