நெற் களஞ்சியத்தில் ஒடுக்கிடம் கண்டறிதல்

அறுவடைக் காலத்தில் கூட்டுறவுக் களஞ்சியங்களின் வாயிலில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்பது வழக்கம். காத்துநிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கமக்காரர் பெட்டி வாடகை கொடுக்கவேண்டியுள்ளது. இரவில் மழை பெய்து மூடை நனைந்தால், காய்ந்து வந்த நெல்லும் மறுநாள் ஈரநெல்லாகிவிடும். நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்பட்ட ஈரப்பதனுள்ள நெல்லை நெல் சந்தைப்படுத்தல் சபை காய்ந்த நெல்லாக ஏற்பதில்லை. ஆகவே வரிசை நீளுவது கமக்காரரின் வருமானத்தையே பாதிக்கும்.

வரிசை நீண்டதும் ஆட்களைக் கூட்டவேண்டும் என்றே பலரும் கருதுவர். எந்த இடத்தில் கூட்டுவது என்பதை முதலில் ஆராய்வதில்லை. எலியாகு கோல்ட்ராட் என்னும் இசுரேல் நாட்டுப் பௌதிகவியலாளர், 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு நாவலின் மூலம் இதற்கான முறையொன்றை விளக்கினார். வேலை பல படிகளைக் கடந்து செல்லும்போது, அவற்றுள் மிக மெதுவான படியே முழு வேலையின் அளவையும் தீர்மானிக்கின்றது என்பது அவர் கொள்கை. வாய்க்காலில் ஒரு மதகு ஒடுக்கமாயிருந்தால், அதற்குக் கீழே வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் கடைமடைக்கு நீர் கூடுதலாகப் போகாது. களஞ்சியத்திலுள்ள அத்தகைய இடத்தை ஒடுக்கிடம் எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியம் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை திறந்திருக்கின்றது. பெரும்போக அறுவடையின்போது நாளொன்றுக்கு 360 மூடைகள் வருகின்றன. அவற்றை இறக்குதல், நிறுத்தல், ஈரம் பார்த்தல், அட்டியில் அடுக்குதல் என்பன ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. நாட்டாமைகள் மணிக்கு 90 மூடை இறக்குவர். 60 மூடை அடுக்குவர். ஈரப்பதன் கருவியுடன் நிற்பவர் மணிக்கு 70 மூடைக்கு மாதிரி எடுத்துப் பார்ப்பார். தராசு ஒன்றே உண்டு. ஒரு மூடையைத் தூக்கிவைத்து, முள் நின்றபின் நிறையைப் பதிந்து, இறக்கிவிட ஒன்றரை நிமிடம் செல்கின்றது. அதாவது மணிக்கு 40 மூடை.

மாலையில் கணக்கெடுத்தால் 240 மூடைகளே நிறுக்கப்பட்டிருக்கும்; மீதி 120 மூடைகள் வெளியே நிற்கும். மூன்று நாளில் 360 மூடைகள் தேங்கிவிட்டன. சங்க நிருவாகக் குழு மேலும் நான்கு நாட்டாமைகளை அமர்த்தி அடுக்கும் வேலையில் விட்டது. அடுக்கும் வேகம் மணிக்கு 80 மூடையாயிற்று. ஆயினும் அன்று மாலையும் 240 மூடைகளே நிறுக்கப்பட்டிருந்தன. நான்கு நாட்கூலிதான் செலவு.

இத்தகைய நிலையில் முதலில் செய்யவேண்டியது உள்ளே போய்ப் பார்ப்பதே. எந்த இடத்துக்கு முன்னால் மூடைகள் குவிந்தும், அதற்குப் பின்னால் ஆட்கள் வேலையின்றி இருந்தும் காணப்படுகின்றனவோ அதுவே ஒடுக்கிடம். வாயில் வரிசையைக் கொண்டு இதனை அறிய முடியாது. காலை 8 மணிக்கு எல்லோரும் ஒருங்கே வருவதாலும் வாயிலில் வரிசை உண்டாகலாம். முற்பகல் 11 மணியளவில் பார்ப்பது நன்று. இந்தக் களஞ்சியத்தில் அந்நேரம் தராசின் முன் மூடைகள் குவிந்திருந்தன. அடுக்குவோர் நிழலில் அமர்ந்திருந்தனர்.

இனி ஒரு கேள்வி எழும். மணிக்கு 40 மூடை நிறுக்கும் தராசு 8 மணி நேரத்தில் 320 மூடை நிறுத்திருக்கவேண்டுமே. 240 ஆனது ஏன்? தராசு இரண்டு மணி நேரம் சும்மா நின்றதே காரணம். மதிய உணவுக்கு எல்லோரும் ஒன்றாகப் போனதால் ஒரு மணி நேரம் போயிற்று. காலையில் முதல் மூடை இறங்கி வரும்வரை அரை மணி. தராசடியில் நின்ற இலிகிதரே பற்றுச்சீட்டும் எழுதியதால் இன்னும் அரை மணி. போதாததற்கு, நிறுத்த 240 மூடைகளில் 24 மூடைகள் பின்னர் ஈரமென்று தள்ளப்பட்டன. அவற்றை நிறுக்கச் சென்ற 36 நிமிடமும் வீண். அடுக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் வீணானால் அதைப் பின்னர் ஈடுசெய்யலாம். தராசில் வீணான மணி நேரம் களஞ்சியம் முழுவதற்கும் வீணானதாகும்.

ஆகவே புதிய தராசு வாங்குமுன், இருக்கும் தராசை முழுநேரமும் நல்ல நெல்லுக்கே பயன்படுத்தவேண்டும். ஈரம் பார்த்தல் நிறுவைக்கு முன்னே மாற்றப்பட்டது. இறக்குவோரும் ஈரம் பார்ப்பவரும் காலையில் அரை மணி முந்தி வந்தனர். (முதல் நாள் மாலையே ஈரம் பார்த்துவைப்பது உதவாது, இரவுப் பனியில் அளவு மாறிவிடும்.) உணவுக்கு முறைவைத்துப் போயினர். பற்றுச்சீட்டு வேறொருவர் கைக்கு மாறியது. ஒரு சதமும் செலவின்றி நாளொன்றுக்கு 320 நல்ல மூடைகள் உள்ளே சென்றன. முன்னர் சென்றவை 216 மட்டுமே.

அடுத்து, மற்ற வேலைகள் யாவும் தராசின் வேகத்துக்கு அடங்கி நடக்கவேண்டும். இறக்குவோர் தம் வேகத்தில் மணிக்கு 90 மூடை இறக்கினால் முற்றம் நிறைந்து, ஒருவர் நெல் மற்றவர் நெல்லோடு கலந்துவிடும். மழை வந்தால் படங்கும் போதாது. ஈரம் பார்த்த மூடைகளில் ஒரு மணி நேர வேலைக்குரிய 40 மூடைகளைத் தராசின் முன் கூரையின்கீழ் வைத்திருந்தாற் போதும். அது குறைந்தபின்னரே அடுத்த பெட்டியை உள்ளே விடவேண்டும். மற்றையோருக்கு நேரம் குறித்த இலக்கச் சீட்டுக் கொடுத்தால், நெல் வீட்டிலேயே மூடப்பட்டிருக்கும். இறக்குவோர் சிலவேளை சும்மா இருப்பதைக் கண்டு முகாமையாளர் கோபிக்கலாகாது. இதைப் பொறுத்துக்கொள்வதே பலருக்கும் கடினமாயிருக்கின்றது.

வரும் 360 மூடைகளில் ஈரமானவை 36 போக, 324 மூடைகளை நிறுக்கவேண்டும். தராசு நிறுப்பது 320. வரிசை இனி அவ்வளவாக நீளாது. ஆனால் தேங்கியது குறையவும் மாட்டாது. இப்போதுதான் தராசின் வலுவைக் கூட்டவேண்டிய கட்டம் வருகின்றது. புதிதாக வந்த நால்வருள் இருவரைத் தராசடிக்கு மாற்றி, இரண்டிரண்டு மூடையாக நிறுத்தனர்; மற்றிருவர் தேவைப்படவில்லை. ஒரு நிறுவைக்கு 100 விநாடி சென்றது. மணிக்கு 72 மூடை. இரண்டு மூடையும் ஒரே கமக்காரருடையனவாய் இருத்தல் அவசியம். வெறுஞ்சாக்கின் நிறையையும் இரண்டுக்கும் கழிக்கவேண்டும்.

ஆனால் நாளொன்றுக்கு 576 மூடை உள்ளே போகவில்லை, 480தான் போயிற்று. அடுக்குவோர் பழையபடி மணிக்கு 60 மூடைதான் அடுக்கினர். ஒடுக்கிடம் தராசைவிட்டு அட்டிக்கு நகர்ந்துவிட்டது. அதனால், தராசின் முன் மூடை குறைந்ததும் அடுத்த பெட்டியை விடுவது என்ற பழைய ஒழுங்கைத் தொடரக்கூடாது. தொடர்ந்தால், நிறுத்த மூடைகள் தராசுக்கும் அட்டிக்கும் நடுவே குவிந்து கணக்குத் தவறும். அட்டிக்கு முன்னுள்ள மூடைகள் குறைவதைப் பார்த்தே இனிப் பெட்டிகளை விடவேண்டும்.

புதிதாக வரும் 324 மூடை போக, நாளொன்றுக்கு 156 மூடை தேக்கத்திலிருந்து குறைந்தது. தேங்கிய 360இல் ஈரமானவை கழிய மீந்த 324 மூடைகளும் இரண்டு நாட்களுக்குச் சற்றுக் கூடிய காலத்தில் தீர்ந்தன. அதன்பின் தராசு, அட்டி யாவும் சிறிது நேரம் ஓய்ந்திருக்கும். வருகின்ற நெல்லின் அளவே அப்போது எல்லை. மேலும் ஆட்களைச் சேர்ப்பதால் பயனில்லை.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அறுவடை இயந்திரத்தால் வெட்டிய நெல் வயலிலிருந்து நேரே வந்தால், பத்தில் ஒன்றுக்குப் பதிலாக நான்கு மூடைகள் திருப்பப்படலாம். அந்நிலையில் களஞ்சியத்துள் எந்த மாற்றம் செய்தாலும் வரிசையின் துன்பம் தீராது. ஒடுக்கிடம் அப்போது கமக்காரரின் காயவைக்கும் தளத்தில் இருக்கின்றது. சங்கத்தின் பணம் அங்கே செலவாகவேண்டும்.