நடந்ததை நிரல்படக் கூறல்

நேர்காணலில், “நீங்கள் பொறுப்புள்ளவரா?” என்று வினவினால் எவரும் ‘ஆம்’ என்றே விடையளிப்பர். ஆகவே, “பணியிடத்தில் நீங்கள் தீர்த்த சிக்கல் ஒன்றைக் கூறுக” என்று வினவுகின்றனர். இதனை நடத்தைசார் வினா என்பர். ஒருவர் முன்பு நடந்துகொண்ட முறையைக்கொண்டு, இனி எவ்வாறு நடந்துகொள்வார் என்பதை மதிப்பிடுவதே இதன் நோக்கம்.

விடுமுறையில் மளிகைக் கடையொன்றில் பணியாற்றிய மாணவி ஒருத்தி இவ்வினாவை எதிர்கொள்வதாகக் கொள்வோம். “வீடுகளுக்கு அனுப்பும் பொருள்களில் குறை இருந்தது. நாங்கள் அனைவரும் கடுமையாக உழைத்துச் சரிசெய்தோம்” என்கிறாள். இவ்விடை பொய்யன்று, எனினும், அவள் செய்தது யாது என்பது இதில் இல்லை.

இக்குறையைக் களைய உதவுவது ‘ஸ்டார்’ முறை. சூழல், பொறுப்பு, செயல், விளைவு ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து இப்பெயர் அமைந்தது. அம்மாணவியின் விடையை இம்முறையில் அமைத்துக் காண்போம்.

சூழல்: “வீடுகளுக்கு அனுப்பும் பெட்டிகளில் பொருள் விடுபடுவதாக ஒரே வாரத்தில் நான்கு புகார்கள் வந்தன.”

பொறுப்பு: “காரணத்தைக் கண்டறியுமாறு கடை உரிமையாளர் என்னிடம் கூறினார்.”

செயல்: “விடுபட்ட பொருள்களை மூன்று நாள் குறித்துவைத்தேன். அவற்றுள் பெரும்பாலானவை தயிரும் வெண்ணெயும். பிற பொருள்களை முன்பே பெட்டியில் அடுக்கிவிடுவோம். இவற்றை மட்டும் வண்டி புறப்படும்வரை குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருப்போம். அவசரத்தில் அவை மறந்துபோயின. எனவே, அப்பொருள்கள் உள்ள பட்டியல்களில் சிவப்பு மையால் குறியிட்டேன். அக்குறியைப் பார்த்த பின்னரே வண்டியை எடுக்குமாறு ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டேன்.”

விளைவு: “அடுத்த வாரம் ஒரே புகார்தான் வந்தது. அதுவும் முகவரி மாறியதால் நேர்ந்தது.”

சூழலும் பொறுப்பும் ஒவ்வொரு தொடரில் முடிந்தமையை நோக்குக. விடையின் பெரும்பகுதி செயலுக்கே உரியது. சூழலை நீட்டிக் கூறுவோர் பலர். அவர்கள் செயலை அடைவதற்குள் நேரம் கழிந்துவிடும். அடுத்து, ‘அடுக்கிவிடுவோம்’ என்று அனைவரின் பணியைப் பன்மையிலும், ‘குறித்துவைத்தேன்’ என்று தன் பணியை ஒருமையிலும் அவள் கூறுகிறாள். பிறர் உழைப்பைத் தனதாக்கிக்கொள்ளவில்லை. தன் உழைப்பை மறைக்கவுமில்லை. புகாரே வரவில்லை என்று விளைவை மிகைப்படுத்தவும் இல்லை.

இம்முறை இல்லாத நிகழ்வை உண்டாக்கித் தராது. “ஏன் மூன்று நாள் குறித்தீர்கள்? ஓட்டுநர் உடன்பட்டாரா?” எனத் துணைவினாக்கள் எழும். நடந்ததைக் கூறியவர் நினைவிலிருந்து விடை தருவார். புனைந்தவர் அங்கே தடுமாறுவார். விடையைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தவருக்கும் அந்நிலையே நேரும். ஆதலின், நான்கு பகுதிகளுக்கும் நான்கு குறிப்புகளை மட்டும் நினைவில் கொள்ளுதல் போதும்.

கற்பவை கற்றபின்...

வீட்டிலோ பள்ளியிலோ நீங்கள் சரிசெய்த சிறு குறை ஒன்றை நான்கு பகுதிகளாக எழுதுக. செயல் பகுதியில் ‘நாங்கள்’ என வரும் இடங்களை அடிக்கோடிட்டு, அவற்றுள் உங்கள் பங்கு யாது எனக் குறிப்பிடுக.