முடிச்சு ஏன் நழுவுகிறது?

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் தோல் தைக்கும் ஊசியை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் முனை முப்பட்டையாக இருக்கும். அது தோலை வெட்டித் துளையிடும். அந்தத் துளை பிறகு மூடாது. துணி ஊசி அப்படியன்று. அது இழைகளை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு நுழைகிறது. ஊசி சென்றபின் இழைகள் மீண்டும் நெருங்கிவிடுகின்றன. பூத்தையலில் முடிச்சைத் தாங்குபவை இந்த இழைகளே.

பிரெஞ்சு முடிச்சை எடுத்துக்கொள்வோம். நூலை மேலே கொணர்ந்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மீண்டும் கீழே குத்துகிறோம். வந்த துளையிலேயே குத்தினால் முடிச்சு உட்கார இடமில்லை. நூலை இழுத்ததும் அது துணிக்குள் போய்விடும். ஆகவே ஓரிரு இழைகள் தள்ளிக் குத்த வேண்டும்.

சில முடிச்சுகள் உள்ளே போகாமல் தட்டையாகச் சாய்ந்து கிடக்கும். இதற்குக் காரணம் இடக்கை. ஊசியைக் குத்தியவுடன் நூலைச் சற்று இழுத்து, சுற்றுகளைத் துணியோடு படியச் செய்ய வேண்டும். ஊசியைக் கீழே வாங்கும்போது, நூல் முழுவதும் இறங்கும் தறுவாய் வரை இடக்கையின் பிடியை விடலாகாது. நகத்தால் மெல்லத் தள்ளிப் பார்த்தால் நல்ல முடிச்சு மணிபோல் நிற்கும். தளர்ந்ததில் பக்கத்தில் ஒரு கண்ணி எழும். பெரிய முடிச்சு வேண்டுமானால் சுற்றுகளைக் கூட்டாமல் நூலின் இழைகளைக் கூட்டுவதே நலம். சுற்று மிகுந்தால் முடிச்சு சரியும்.

புல்லியன் முடிச்சில் கணக்கு வேறு. கைக்குட்டையில் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள ரோஜா இதழை இரண்டிழை நூலால் தைப்பதாகக் கொள்வோம். ஆறு சுற்று இட்டால் சுருள் நீளம் போதாது; சுற்றுகள் விலகி, உள்நூல் தெரியும், இதழும் தட்டையாகும். ஏறத்தாழ பத்துச் சுற்று இட்டால் நேராகப் படியும். பதினான்கு இட்டால் வில்லாக வளையும். வெளியிதழுக்கு அதுவே வேண்டியது. நூலின் பருமனுக்கேற்ப எண்ணிக்கை மாறுமாதலால், ஊசியில் சுற்றிய சுருளை இடைவெளியின் அருகில் வைத்து அளந்துகொள்வது நம்பகமான வழி.

சுற்றுகளை இறுக்கிவிட்டால் ஊசிக்காது அதில் சிக்கிக்கொள்ளும். பலமாக இழுத்தால் சுருள் குலைந்துவிடும். எனவே ஊசி வழுக்கிச் செல்லுமளவு சுற்றி, சுருளைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு ஊசியை வாங்க வேண்டும். காதும் உடலும் ஏறக்குறைய ஒரே பருமனுள்ள மில்லினர்ஸ் ஊசி இதற்கு ஏற்றது. சுற்றும்போது நூலின் முறுக்கு அவிழ்ந்து இழைகள் பிரிந்தால், எதிர்த்திசையில் சுற்றிப் பார்க்கலாம்.

நூல் முழுவதும் வந்தபின் சுருளைத் துணிமேல் படுக்கவைத்து, ஊசிநுனியால் சுற்றுகளைச் சமமாக வருடிவிட்டு, அதன் பிறகே கடைசிக் குத்தைப் போட வேண்டும். அந்தக் குத்து விழுந்தபின் சுற்றுகளைச் சரிசெய்ய வழியில்லை.